காணாமல் போன இரண்டு சிப்பம்

ஓர் அரிசிக் கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று கடையில் 25 கிலோ சிப்பம் 40 இருக்கிறது. லாரி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு சிப்பத்தின் அடக்கம் 1,200 ரூபாய். 8ஆம் தேதிக்குள் 30 விற்றுவிட்டது. 12ஆம் தேதி இன்னொரு 40 சிப்பம் வந்திறங்குகிறது, இந்த முறை அடக்கம் 1,300. மாதக் கடைசிக்குள் அதிலும் இதிலுமாக 35 போகிறது. விற்றது எல்லாமே 1,450 ரூபாய்க்கு. ஆக 65 சிப்பத்துக்கு 94,250 ரூபாய் வந்திருக்கிறது. இதில் சரக்கின் அடக்கம் எவ்வளவு, லாபம் எவ்வளவு?

பெரும்பாலான சின்னக் கடைகளில் இதற்கு மாதக் கடைசியிலோ மார்ச் 31 அன்றோதான் விடை கிடைக்கும். விற்கும்போது விற்பனையை மட்டும் எழுதுவார்கள். எந்தச் சிப்பம் எந்த அடக்கத்தில் போனது என்று யாரும் குறிப்பதில்லை. கடைசியில் ஸ்டாக் எடுப்பார்கள். ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, எண்ணிப் பார்த்த இறுதி இருப்பைக் கழித்தால் வருவதுதான் விற்ற சரக்கின் அடக்கம். இது காலமுறைக் கணக்கு.

நம் கடையில் 48,000 ரூபாய் சரக்கு இருந்தது, 52,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். மொத்தம் ஒரு லட்சம். எண்ணினால் 13 சிப்பம் இருக்கிறது. முதலில் வந்தது முதலில் போனதாகக் கொண்டால், மிஞ்சியவை 1,300 ரூபாய்ச் சிப்பங்கள். இருப்பின் மதிப்பு 16,900. விற்றதன் அடக்கம் 83,100, லாபம் 11,150.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 80 சிப்பத்தில் 65 விற்றால் 15 அல்லவா மிஞ்ச வேண்டும்? இரண்டு எங்கே போயின என்று இந்தக் கணக்கு கேட்கவே கேட்காது. கடையில் இல்லாதது எல்லாம் விற்றுப்போனது என்பதே அதன் எண்ணம். எலி தின்றதும், கணக்கில் ஏறாமல் வண்டியில் ஏறியதும் விற்பனையின் அடக்கத்திலேயே போய் ஒளிந்துகொள்ளும். முதலாளி 11,150ஐப் பார்த்துவிட்டு, ‘அரிசியில் இப்போதெல்லாம் லாபமே இல்லை’ என்பார்.

தொடர்முறைக் கணக்கில் ஒவ்வொரு பில்லும் இரண்டு வேலை செய்யும். விற்பனையைப் பதியும், கூடவே அந்தச் சரக்கின் அடக்கத்தை இருப்பிலிருந்து கழிக்கும். முதல் 30 சிப்பத்துக்கு 36,000. அடுத்த 35இல் பழைய சரக்கு 10க்கு 12,000, புதியது 25க்கு 32,500. மொத்தம் 80,500, லாபம் 13,750. ஏட்டின்படி இருப்பு 15. எண்ணினால் 13. அந்த 2,600 ரூபாய் ‘இருப்புக் குறைவு’ என்று தனி வரியாக வெளியே வந்து நிற்கிறது. கழித்துவிட்டால் மிஞ்சுவது அதே 11,150தான். ஆனால் விலையில் கோளாறா, கிடங்கில் கோளாறா என்பது இப்போது தெரிந்துவிட்டது.

சராசரி விலையில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இரண்டு முறையிலும் விடையே வேறாகும். காலமுறையில் மொத்தத்துக்கும் ஒரே சராசரி, அதாவது 1,250. 65 சிப்பத்துக்கு 81,250. தொடர்முறையில் முதல் 30உம் 1,200லேயே போய்விடும். புது லோடு வந்தபிறகு, மீதி 10உம் வந்த 40உம் சேர்ந்து சராசரி 1,280 ஆகும். மொத்த அடக்கம் 80,800. வித்தியாசம் 450 ரூபாய். 12ஆம் தேதி ஏறிய விலையை 8ஆம் தேதி விற்ற சிப்பத்தின் தலையிலும் காலமுறை கட்டிவிடுவதால் வருவது இது.

தொடர்முறைக்கு மாறிவிட்டால் எண்ண வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டருக்கு எலி தெரியாது. அதன் சொந்தக் கோளாறுகளும் உண்டு. ஒரு ரகத்தில் இரண்டு குறைந்து, பக்கத்து ரகத்தில் சரியாக இரண்டு கூடியிருந்தால் அது திருட்டல்ல, பில் போடும்போது ரகம் மாறியிருக்கிறது. இருப்பு மைனஸில் காட்டினால், கொள்முதல் பில்லை ஏற்றும் முன்பே விற்பனையைப் பதிந்திருக்கிறார்கள். அந்த விற்பனைக்கு மென்பொருள் பழைய விலையைப் போட்டிருக்கும், அடக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. விதிகளில் 56ஆவது விதி, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர்களிடம் ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை மட்டுமல்ல, தொலைந்தது, திருடுபோனது, அழிந்தது, இலவசமாகக் கொடுத்தது வரை கணக்கு கேட்கிறது. தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்பிவிட வேண்டும். வருஷக் கடைசியில் ஒரே ஒரு முறை எண்ணுகிற கடைக்காரரால் அந்த இரண்டு சிப்பத்தைத் தனியே எடுத்துக் காட்ட முடியாது.