விடியற்காலை வயிற்றுவலி

விடியற்காலை 4.40 மணி. தாலுகா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 32 வயதுப் பெண் ஒருவரைக் கணவரும் மாமியாரும் கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். சீரகத் தண்ணீர் கொடுத்தும் வலி அடங்கவில்லை. "ராத்திரி புரோட்டா சாப்பிட்டா சிஸ்டர், அதுதான் ஒத்துக்கல" என்கிறார் மாமியார். நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 130/80, ஆக்சிஜன் அளவு 98. வயிற்றைத் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கிறது. வாயுத்தொல்லைக்கு ஓர் ஊசியைப் போட்டுப் படுக்க வைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இவர் ஒரே ஒரு நோயாளி அல்ல. வெவ்வேறு இரவுகளில் வந்தவர்களிடம் கண்டதை ஒன்றாகக் கோத்து, அவசரப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவிகளுக்கு நான் சொல்லும் நிகழ்வு இது. இந்த இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன கேட்பீர்கள்?" என்பேன். என்ன சாப்பிட்டார், எத்தனை முறை வாந்தி என்று பதில் வரும். கேட்க வேண்டியது வேறு: ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள்?

"தரையிலதான், பாய் போட்டு" என்று பதில் வந்தால் வயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும்.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. எலியைத் தேடி வீட்டுக்குள் வரும். தூக்கத்தில் புரண்டு படுப்பவரின் கையோ முதுகோ அதன்மேல் பட்டால் கடித்துவிடும். அதன் பல் சிறியது. பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். கடிபட்டவர் எறும்போ கொசுவோ என்று தூங்கிவிடுவார். ஓரிரு மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் வாந்தியும் வரும், சிலருக்குத் தொண்டை கரகரக்கும். சில ஊர்களில் இதை எட்டடி விரியன் என்பார்கள், கடித்தால் எட்டடி வைப்பதற்குள் சாவு என்று பொருள் சொல்வார்கள். உண்மையில் பல மணி நேரம் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை வாயுத்தொல்லை என்ற பெயரில் இழந்துவிடுவதுதான் ஆபத்து.

நம் பெண்ணின் இமைகள் பாதி மூடியிருந்தன. "தூக்கக் கலக்கம்" என்றார் கணவர். தூக்கக் கலக்கமா, இமைத் தசை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். தலையை அசைக்காமல், உயர்த்திப் பிடித்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கமாக இருந்தால் கண் விரியும். நரம்பைத் தாக்கும் விஷமானால் சில விநாடிகளில் இமை திரும்ப இறங்கிவிடும். ஈடுகட்ட நோயாளி நெற்றியைச் சுருக்குவார், தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார். ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். பிறகு வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்த நிலையில் தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள்.

இவர் 22 வரை எண்ணினார். இந்த எண் மட்டும் தனியாக எதையும் சொல்லாது. அரை மணி கழித்து எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நேரத்தோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

இரண்டு மணிக்கே பாம்பென்று தெரிந்திருந்தால் வீட்டில் என்ன செய்திருக்கலாம்? செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிட வேண்டும், வீங்கிய பிறகு அவை கழலாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல ஒரு தட்டை வைத்து, இறுக்காமல் கட்டி, அசையாமல் வைக்க வேண்டும். நடக்க விடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். வாந்தி எடுப்பவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அப்போதுதான் வாந்தி மூச்சுக்குழாயில் போகாது. கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் போடுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். அடிக்கப் போன இன்னொருவர் கடிபட்டு வந்ததுண்டு.

கடித்தது தெரிந்து வருபவர்களில் பலர் கயிற்றால் இறுக்கிக் கட்டியே வருகிறார்கள். நீலம் பாரித்த காலைப் பார்த்ததும் மாணவிகளின் கை கத்தரிக்கோலைத் தேடும். வெட்டாதீர்கள். கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாடி இல்லாவிட்டால் உள்ளே தேங்கிய விஷம் ஒரே மூச்சாக உடலில் பாயும். நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியலாம், மூச்சு நிற்கலாம். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது, சிரை வழி ஊசிக்குழல் ஏற்றி, ஆம்பு பையும் விஷமுறிவு மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் கட்டைத் தளர்த்த வேண்டும், அதையும் மெதுவாக. எங்கே கட்டியிருந்தது, எப்போது அவிழ்த்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

நம் பெண்ணுக்கு வருவோம். 4.50-க்கு டாக்டர் வந்துவிட்டார். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தம் உறைவதைக் கெடுப்பவை. கடித்தது எதுவென்று யாரும் பார்க்காத நிலையில் அதையும் சோதித்தாக வேண்டும். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரே முறை சாய்த்துப் பார்ப்பது. அவ்வளவுதான் சோதனை. இதையும் கெடுத்துவிட முடியும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். பத்தாவது நிமிடத்தில் ஆவலாக எடுத்துச் சாய்த்துப் பார்த்தாலும் முடிவு தவறாகும். ரத்தம் உறைகிறது என்று தெரியும்வரை தசையில் ஊசி போடுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இவருக்கு 20 நிமிடத்தில் ரத்தம் கெட்டியாக உறைந்தது. "அப்போ பாம்பு இல்லையா சிஸ்டர்?" என்று மாணவி கேட்பாள். கட்டுவிரியனும் நல்ல பாம்பும் ரத்தத்தை அல்ல, நரம்பைத் தாக்குபவை. இந்தச் சோதனையில் அவை பிடிபடாது. இறங்கும் இமைதான் இங்கே சோதனை முடிவு.

அதற்காகக் காத்திராமல் ஐந்து மணிக்கே விஷமுறிவு மருந்து தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து இந்த மருந்தைச் செய்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இதே மருந்துதான். முதல் தவணை 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் டிரிப்பில் ஏற்ற வேண்டும். குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. பொடியாக உள்ள மருந்தைக் கரைக்கும்போது குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும்.

மருந்து ஏறத் தொடங்கும் முன்பே அட்ரினலின் ஊசியில் உறிஞ்சப்பட்டுத் தயாராக இருக்க வேண்டும். தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பது ஒவ்வாமை வருமா வராதா என்பதை முன்கூட்டிச் சொல்லாது, அதனால் அது வேண்டாம். செவிலியர் பக்கத்திலேயே நிற்பதுதான் சோதனை. 5.12-க்கு இவர் கழுத்தைச் சொறிந்தார், மார்பில் தடிப்பு எழும்பியது, குளிர் நடுக்கம் கண்டது. உடனே டிரிப் நிறுத்தப்பட்டது. தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின். ரத்தம் உறையாத நோயாளியானாலும் இந்த ஓர் ஊசியைத் தள்ளிப்போட முடியாது. அரிப்பு அடங்கியதும் மருந்து முதலில் மெதுவாக, பிறகு பழைய வேகத்தில் தொடர்ந்தது. ஒவ்வாமை வந்துவிட்டது என்பதற்காக விஷமுறிவு மருந்தையே கைவிட்டுவிடக் கூடாது.

5.45. ஒரே மூச்சில் எண்ணியது 11. குரல் மூக்கால் வந்தது. கடைவாயில் எச்சில் தேங்கியது, அவரால் விழுங்க முடியவில்லை. உறிஞ்சு குழாயால் எடுத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். 6.15-க்கு எண்ணிக்கை 6. தலையணையை விட்டுத் தலை எழவில்லை. மூச்சு இழுக்கும்போது வயிறு மேலெழ, நெஞ்சு உள்ளே போனது. ஆக்சிஜன் அளவோ இன்னும் 96!

மாணவிகள் ஏமாறும் இடம் இதுதான். திரையில் பச்சை எண் நன்றாக இருக்கிறதே என்று நிற்பார்கள். மூச்சுத் தசைகள் ஓய்ந்துகொண்டிருக்கும்போது அந்த எண் கடைசியாகத்தான் விழும், விழுந்தால் மளமளவென்று விழும். அது 80 ஆகும்வரை காத்திருப்பவர் தாமதித்துவிட்டார். எச்சிலை விழுங்க முடியாமை, எழாத தலை, சரியும் எண்ணிக்கை இந்த மூன்றும் கூடியதும் டாக்டர் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தினார். ஆம்பு பையை 5 அல்லது 6 விநாடிக்கு ஒரு முறை அழுத்தியபடியே 108-இல் ஒரு செவிலியர் உடன் போனார், வென்டிலேட்டர் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.

விஷமுறிவு மருந்து போட்டும் ஏன் மோசமானார் என்று குடும்பத்தார் கேட்பார்கள். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அந்த மருந்து பிடிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே சிதைக்கிறது. சிதைந்த நுனி திரும்ப வளர நாட்கள் ஆகும், மருந்தால் அதை அவசரப்படுத்த முடியாது. நல்ல பாம்புக் கடியில் பலருக்கு இமையைத் தூக்கிவிடும் நியோஸ்டிக்மின் ஊசியும் இங்கே பெரும்பாலும் பலன் தருவதில்லை. இரண்டாம் தவணை 10 குப்பியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குமேல் குப்பி சேர்ப்பதால் தசை அசையாது. அந்த நாட்களில் உயிரைப் பிடித்து வைப்பது மூச்சு, அது கையால் அழுத்தும் பையிலிருந்து வந்தாலும் சரி.

அந்த நாட்களில் நோயாளி அசைய மாட்டார், இமை திறக்க மாட்டார். கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கலாம். மற்ற நோயாளியிடம் இதைக் கண்டால் மூளை செயலிழந்துவிட்டது என்ற எண்ணம் வரும். கட்டுவிரியன் கடியில் அந்த முடிவுக்கு வரக் கூடாது. கண்மணியை அசைக்கும் தசையும் ஓய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அவர் விழித்திருக்கலாம், நாம் பேசுவதெல்லாம் காதில் விழலாம். ஆகவே படுக்கையருகே நின்று யாரும் "அவ்வளவுதான்" என்று சொல்லக் கூடாது. புரட்டிப் படுக்க வைக்கும் முன்பு, எச்சிலை உறிஞ்சும் முன்பு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செய்யப்போவதைக் காதருகே சொல்லுங்கள். மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் களிம்பு போட்டு இமையை ஒட்டி வையுங்கள்.

மூன்றாம் நாள் கால் விரல் அசைந்தது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் கரகரவென்று இருந்தது. செவிலியர் கட்டிலருகே உட்கார்ந்து, "மூச்சை நல்லா இழுத்து எண்ணும்மா" என்றார். 9 வந்தது. நேரத்தைப் பார்த்து எழுதினார். மறுநாள் காலை, 24.