மாலை போடும் முன்பே பார்க்க வேண்டிய வண்டி

என் மைத்துனர் கார் வாங்கினார். வெள்ளிக்கிழமை மாலை டெலிவரி என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்னதாகவே, வண்டியைப் பார்க்க வேண்டும் என்று நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஷோரூம்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. “டெலிவரி அன்னைக்கே பளபளன்னு துடைச்சு நிறுத்திடுவோம் சார், அப்ப நிதானமா பாருங்க” என்றார் விற்பனைப் பையன்.

சிக்கலே அந்த ‘அப்ப’வில்தான் இருக்கிறது. டெலிவரி நாள் வருவதற்குள் அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரில் இன்ஷூரன்ஸ் போட்டிருப்பார்கள். ஆர்.டி.ஓ. பதிவும் உங்கள் பெயரில் முடிந்திருக்கும், நம்பர் பிளேட்டும் மாட்டியாகியிருக்கும். அதன்பின் குறை கண்டால், “சரி பண்ணித் தர்றோம்” என்பதைத் தவிர அவர்களிடம் வேறு பதில் இருக்காது. சட்டப்படி நீங்கள் அந்த வண்டியின் முதல் உரிமையாளர் ஆகிவிட்டீர்கள். வேறு வண்டி கொடு என்று கேட்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கக் கேட்பது மாதிரி. ஆகவே சேஸிஸ் நம்பர் ஒதுக்கியதும், பதிவுக்கு அனுப்பும் முன்பே, ஸ்டாக்யார்டுக்குப் போய் அந்த வண்டியைப் பார்த்துவிட வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில். ஷோரூம் விளக்கின் கீழும், கழுவிய ஈரம் காயாமலும் எந்தக் கீறலும் தெரியாது.

என்னத்தைப் பார்ப்பது? இஞ்சினுக்குள் இருக்கும் கோளாறை அரைமணி நேரத்தில் நம்மால் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் வேண்டாம். அதற்கு வாரண்டி இருக்கிறது. வாரண்டி கைகழுவிவிடும் விஷயங்களைத்தான் நாம் பார்க்க வேண்டும். கீறல், நசுங்கல், கண்ணாடி விரிசல், கிழிந்த சீட் இவையெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்ட நொடியில் உங்களுடையவை. அவற்றைவிட முக்கியமானது, வண்டி ஏற்கெனவே அடிபட்டுச் சரிசெய்யப்பட்டதா என்பது. தொழிற்சாலையிலிருந்து ட்ரெய்லரில் ஏறி, இறங்கி, யார்டில் முன்னும் பின்னும் நகர்ந்துதான் வண்டி நம்மிடம் வருகிறது. வழியில் எங்காவது இடிபடுவது அதிசயமில்லை. இடித்ததைச் சொல்லாமல் பூசி மெழுகித் தருவதுதான் பிரச்சினை.

நாங்கள் பார்த்த வண்டி 2025 ஆகஸ்டில் தயாரானது. தயாரிப்பு மாதத்தை விற்பனைச் சான்றான படிவம் 21-இல் குறிப்பிடுவார்கள். பிறகு ஆர்.சி.யிலும் அதுவே ஏறும். நாளை விற்கும்போது விலையைத் தீர்மானிப்பது அந்த மாதமும் ஆண்டும்தான். டிசம்பரிலும் ஜனவரியிலும் பழைய ஆண்டு வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பது அதனால்தான். தெரிந்தே தள்ளுபடியோடு வாங்கினால் தப்பில்லை, தெரியாமல் முழு விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

அடுத்து டயர். டயரின் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மைத்துனரை உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். மூன்று டயரிலும் ஸ்டெப்னியிலும் 2825, 2925 என்று இருந்தது. அதாவது ஜூலை. ஆகஸ்டில் செய்த வண்டிக்குப் பொருத்தம்தான். முன்பக்க இடது டயரில் மட்டும் 4225. அது அக்டோபர் மாத நடுவாரம். ஆகஸ்டில் உருவான வண்டிக்கு அக்டோபரில் பிறந்த டயர் எப்படி வந்தது?

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. வண்டியில் உள்ள எந்தப் பொருளும் வண்டியைவிட இளையதாக இருக்கக் கூடாது. கண்ணாடிகளின் மூலையிலும் கம்பெனிப் பெயரோடு ஆண்டுக்குறி பொறித்திருப்பார்கள். எல்லாம் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

டயர் காட்டிக்கொடுத்ததும் அதே இடது மூலையை விடாமல் பிடித்துக்கொண்டோம். பானெட்டைத் தூக்கி, மட்கார்டை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளைப் பார்த்தோம். கம்பெனியில் பாடியோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்த போல்ட்டில் ஸ்பேனர் பட்டால் விளிம்பில் பெயிண்ட் உரிந்துவிடும். வலது பக்க போல்ட்டுகள் பெயிண்ட் குலையாமல் இருந்தன. இடது பக்கத்தில் இரண்டு போல்ட்டின் முனைகளில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. பிறகு வண்டியின் ஓரமாகக் குனிந்து நீளவாக்கில் பார்த்தோம். வானத்தின் நிழல் கதவில் நேராக ஓடி, மட்கார்டு வந்ததும் லேசாக நெளிந்தது. பட்டி பார்த்துத் தேய்த்த இடம் அப்படித்தான் நெளியும். கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையிலான சந்து, மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிற வித்தியாசம் மட்டும் இருந்தால் அது குற்றத்துக்குச் சாட்சியாகாது. தொழிற்சாலையிலேயே சிறு குறைகளை டச்-அப் செய்வதுண்டு. பிளாஸ்டிக் பம்பரின் நிறமும் இரும்புப் பாகத்தின் நிறமும் சற்று வேறுபடுவது சகஜம். இங்கே டயர், போல்ட், நிழல், சந்து என்று நான்கும் ஒரே மூலையைக் கைகாட்டின. அதனால்தான் உறுதியாகப் பேச முடிந்தது. பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவியும் கிடைக்கிறது. ஆனால் போல்ட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது கட்டாயமில்லை.

மேலாளர் வந்து பார்த்தார். “டிரான்சிட்ல சின்ன டச் சார், கம்பெனி பெயிண்ட்தான் அடிச்சிருக்கோம்” என்றார். கோபப்படாமல், இந்த சேஸிஸ் வேண்டாம், வேறு ஒதுக்குங்கள் என்று அங்கேயே ஈமெயில் அனுப்பினோம். பதிவாகாத வண்டி என்பதால் அவர்களுக்கும் வாதாட அதிகம் இல்லை. பன்னிரண்டு நாளில் வேறு வண்டி வந்தது.

மழை வெள்ளம் கண்ட ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அதன் உள்முனையில் சேற்றுக் கறை இருந்தாலோ, சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்திருந்தாலோ, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் படிந்திருந்தாலோ, யோசிக்காமல் திரும்பி நடங்கள்.

டெலிவரி நாளில் வேலை குறைவுதான். யார்டில் பார்த்த அதே சேஸிஸ் நம்பர்தானா, இஞ்சின் நம்பரும் சேர்ந்து இன்வாய்ஸிலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். இரண்டு சாவி, ஜாக்கி, ஸ்பேனர் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். பதிவுக்கும் டெலிவரிக்கும் இடையில் புதுக் கீறல் விழுந்திருக்கலாம், ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

அப்போதுதான் அவசரப்படுத்துவார்கள். மாலை தயார், எலுமிச்சம்பழம் தயார், “நல்ல நேரம் முடியப்போகுது சார்” என்று பேனாவை நீட்டுவார்கள். டெலிவரி நோட்டின் அடியில் ‘வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். குறை ஏதாவது கண்டிருந்தால், அந்த வரிக்குப் பக்கத்திலேயே உங்கள் கையால் எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி, தாளைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால், அங்கே அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

இப்போது புக்கிங் செய்யப் போகிறவர்கள் முன்பணம் கட்டும்போதே படிவத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: ‘வாடிக்கையாளர் வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவு.’ எழுத மறுக்கும் ஷோரூமில் முன்பணம் கட்டாதீர்கள்.