எண்ணூர் வாயுக் கசிவு: தகவல் மனுவில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

 

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதல் தடவையாக மனு எழுத வந்திருக்கிறீர்கள். நம் பகுதியில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே எழுதிப் பார்ப்போம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் உள்ள கோரமண்டல் இண்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்போது மனுவை யாருக்கு எழுதுவது? பலரும் "கம்பெனிக்குத்தான்" என்பார்கள். அது தனியார் நிறுவனம். நம் மனுவுக்கு நேரடியாகப் பதில் தரும் கடமை அதற்கு இல்லை. ஆனால் வேறொரு சட்டத்தின்படி ஓர் அரசு அலுவலகம் ஒரு தனியாரிடமிருந்து பெறக்கூடிய விவரமும் "தகவல்"தான் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு சொல்கிறது. ஆலைக்கு இசைவாணை கொடுப்பதும், அதை ஆய்வு செய்வதும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆகவே நம் மனு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும்.

முகவரி தவறிவிட்டாலும் கவலை வேண்டாம். வேறு துறையைச் சேர்ந்த விஷயமென்றால், 5 நாளுக்குள் அந்தத் துறைக்கு மாற்றி அனுப்பிவிட்டு நமக்கும் தெரிவிக்க வேண்டும். ஜமாஅத்தின் பெயரில் எழுதாதீர்கள். இந்த உரிமை குடிமகனுக்கு உரியது; ஒருவர் தம் பெயரில், தம் முகவரியில் கையெழுத்திட்டால் போதும். வீட்டுப் பெண்கள் கையெழுத்திடலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை; அவர்களும் கேட்கக்கூடாது.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியில்தான். "குழாய் ஏன் கசிந்தது? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?" என்று நம் கோபம் அப்படியே பேனாவில் இறங்கிவிடும். நியாயமான கோபம்தான். ஆனால் அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தைத் தரவே சட்டம் சொல்கிறது. விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. "இது தகவல் அல்ல" என்ற ஒரே வரியில் மனு முடிந்துவிடும். அதே விஷயத்தை இப்படிக் கேளுங்கள்:

"மேற்படி ஆலைக்கு நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் கடைசியாக வழங்கப்பட்ட இசைவாணைகளின் நகல், நிபந்தனைகளுடன் வேண்டும். 1.1.2023 முதல் 31.3.2024 வரை வாரிய அலுவலர்கள் அங்கு செய்த ஆய்வுகளின் அறிக்கை நகல்கள் வேண்டும். அதே காலத்தில் ஆலைக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸ்களும் அவற்றுக்கு ஆலை தந்த பதில்களும் வேண்டும். இது தொடர்பான கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்."

தேதி போட்டிருப்பதைக் கவனியுங்கள். "இதுவரை வந்த எல்லாம்" என்று எழுதினால் பக்கங்கள் பெருகி, கட்டணமும் பெருகும். நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். கடைசி வரி முக்கியமானது. எந்தக் காகிதம் இருக்கிறது என்றே தெரியாதபோது, கோப்பை நேரில் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டியதை மட்டும் நகல் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

மனுக் கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகம் என்பதால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பை மனுவிலேயே ஒட்டிவிடலாம். நம் ஊரில் இதில்தான் குழப்பம் வரும். காமராஜர் துறைமுகம், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை போன்றவை மத்திய அரசின் கீழ் வருபவை. அங்கே போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான சான்று வைத்தால் கட்டணமே இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்பி, மனுவின் ஜெராக்ஸ் ஒன்றையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்கு அதிலிருந்துதான் தெரியும்.

மனு அங்கே போய்ச் சேர்ந்த 30 நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். கடிதம் அனுப்பிய நாள் முதல் நாம் கட்டும் நாள் வரை உள்ள காலம் அந்த 30இல் சேராது.

இன்னொரு தடையும் வரலாம். ரகசியம் என்று ஆலை கொடுத்த ஆவணமென்றால், வாரியம் ஆலைக்கு நோட்டீஸ் அனுப்பி ஆட்சேபம் கேட்கும். அப்போது காலக்கெடு 40 நாள். ஆலை ஆட்சேபித்தாலும் முடிவெடுப்பவர் தகவல் அலுவலரே. வியாபார ரகசியம் என்று மறுத்தால், 8(1)(டி) பிரிவிலேயே பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று இருக்கிறது. உரம் தயாரிக்கும் முறையை நாம் கேட்கவில்லை. ஆய்வு அறிக்கையைத்தான் கேட்கிறோம் என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

பதில் வராவிட்டாலும், மறுத்தாலும், 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும்; 7(6) பிரிவைக் குறிப்பிட்டு அதையும் கேளுங்கள். அவர் 30, அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் பலனில்லை என்றால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே விசாரணைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அப்போது மனு, ஒப்புகை, முதல் மேல்முறையீட்டின் நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.