ஊசிக்கு முன்னால் ஒரு பேச்சு

கைக்குழந்தையோடு வரும் தம்பதி, "அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சுப் போதும் சிஸ்டர்" என்கிறார்கள். காப்பர் டி, மாத்திரை, ஆணுறை எல்லாவற்றையும் சொன்னபின், மனைவி கேட்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி. 2017இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது, இலவசம். பிரசவமாகி ஆறு வாரம் கழிந்தால் பால் கொடுப்பவரும் போடலாம்.

பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுவது மாதவிடாய் மாறுவதால்தான். திட்டுத்திட்டாகப் படும், பிறகு வராமலே போகலாம். கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டதென்று மாமியார் பயப்படுவார். அப்படி எதுவும் தங்குவதில்லை, கருப்பையின் உட்சுவர் மெலிந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் மிக அதிகமாகப் போனால் உடனே வரச் சொல்ல வேண்டும்.

நிறுத்தியவுடன் கரு தரிக்காது. கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். இவர்கள் அதைக் கணக்கிட்டு முன்பே நிறுத்த வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது; மருந்து சீக்கிரம் கரைந்துவிடும்.

மனைவியிடம் சற்றுநேரம் தனியாகப் பேசுவது நல்லது. கணவர் எதிரில் தலையாட்டியவர், அங்கேதான் "எனக்குக் காப்பர் டியே போதும்" என்பார். அப்போது ஊசியை எடுத்து வைத்துவிட வேண்டும்.