நெஃப்ரான் படத்தில் சர்க்கரை போகும் வழி

நெஃப்ரான் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவார்கள். கிளாமருலஸ், பௌமானின் கிண்ணம், ஹென்லே வளைவு என்று பெயர்கள் மனப்பாடம். இந்தக் கிண்ணத்திலிருந்து கிளம்பும் நீர் ஏன் இத்தனை சுற்றுச் சுற்றி வெளியே போகிறது என்று கேட்டால்தான் பலருக்குத் தடுமாற்றம். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே விரலை நகர்த்திப் பார்த்தால் படம் புரிந்துவிடும். அதற்கு ரத்தத்திலுள்ள சர்க்கரை, அதாவது குளுக்கோஸ், மிகவும் தோதானது.

படத்தின் மேல் மூலையில் தொடங்குவோம். கிண்ணத்துக்குள் நூல்கண்டு போல ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அதுதான் கிளாமருலஸ். அதற்குள் ஒரு குழாய் நுழைகிறது, இன்னொன்று வெளியேறுகிறது. இரண்டின் அகலத்தையும் பாருங்கள். நல்ல படமாக இருந்தால் உட்செல் நுண்தமனி தடித்தும் வெளிச்செல் நுண்தமனி மெலிந்தும் இருக்கும். வரும் வழி அகலம், போகும் வழி குறுகல் என்பதால் உள்ளே அழுத்தம் ஏறி நிற்கிறது. ரத்தத்தைப் பிழிவது அந்த அழுத்தம்தான். வடிகட்டுவதற்குச் சிறுநீரகம் தனியாக விசை எதுவும் போடுவதில்லை, இதயம் தள்ளிய தள்ளலே போதும். ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்தவருக்குச் சிறுநீர் குறைந்துபோவதற்கு முதற்காரணமும் இதுவே.

இப்படிப் பிழியும்போது ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தண்ணீர், உப்பு, யூரியா, சர்க்கரை எல்லாம் கிண்ணத்தில் இறங்கிவிடுகின்றன. கழிவு மட்டும்தான் வடிகிறது என்று நினைப்பவர்கள் ஏராளம், அது சரியல்ல. வீட்டிலுள்ள சாமான் அத்தனையையும் வாசலில் கொண்டுவந்து கொட்டி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்பது போன்ற வேலை இது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1924-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வெர்னும் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸும் தவளையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒரு கிண்ணத்துக்குள் செருகி, அங்கே ஊறும் நீரைத் துளித்துளியாக உறிஞ்சி எடுத்தார்கள். அந்த நீரில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரில் சர்க்கரை இல்லை. அப்படியானால் இடைப்பட்ட குழலில் யாரோ அதைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கும் இடம் கிண்ணத்தை ஒட்டினாற்போலச் சுருண்டிருக்கும் அண்மை சுருண்ட நுண்குழல். அதன் செல்களின் உட்பக்கம் முழுக்கத் தூரிகை மயிர் போல நுண்ணிய நீட்சிகள். அவற்றில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள் சோடியத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கின்றன. செல்லின் மறுபக்கத்தில் சர்க்கரை வெளியேறி, குழலைச் சுற்றிப் பின்னியிருக்கும் ரத்த நுண்நாளங்களில் போய்ச் சேருகிறது. பல பாடப்படங்கள் இந்த நாளங்களைத் தெளிவுக்காக விட்டுவிடுகின்றன. அவை இல்லாத படத்தில், திரும்ப எடுத்தது எங்கே போகிறது என்பதற்கு விடையே இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நல்ல உடல்நிலையிலுள்ள ஒருவருக்கு இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர் வடிகிறது, நாளொன்றுக்கு 180 லிட்டர். வெளியே வரும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவுதான். ரத்தச் சர்க்கரை 100 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் என்று பொருள். எனவே நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் சர்க்கரை குழலில் இறங்குகிறது. அதை எடுக்கும் கடத்திகள் நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராம் வரை தாங்கும். ஆகவே கிட்டத்தட்ட ஒரு துளி மிச்சமில்லாமல் திரும்பிவிடுகிறது.

ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை 400 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிமிடத்துக்கு 500 மில்லிகிராம் இறங்குகிறது. கடத்திகள் 375-ஐ எடுத்துவிட்டுக் கையை விரித்துவிடுகின்றன. மீதி 125 கீழே ஓடுகிறது. அதற்கு அப்பால் அதைப் பிடிக்க ஆளில்லை, நேரே சிறுநீரில் கலக்கிறது.

இந்தக் கணக்கின்படி பார்த்தால் ரத்தச் சர்க்கரை 300-ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் தெரிய வேண்டும். நடப்பில் 180-க்கு மேல் போனாலே தெரியத் தொடங்குகிறது. காரணம், படத்தில் இருப்பது ஒரே ஒரு நெஃப்ரான். உடம்பில் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் 10 லட்சம், அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவையல்ல. சில நெஃப்ரான்களில் வடிவது அதிகம், எடுக்கும் திறன் குறைவு. அவை முதலில் நிரம்பி வழிகின்றன.

கசிந்த சர்க்கரையோடு தண்ணீரும் போகிறது. இதற்கு விரலைக் கீழே இறக்க வேண்டும். அண்மைக் குழலிலேயே தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. மீதியில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது கடைசியாகச் சேகரிப்பு நாளத்தில்தான் முடிவாகிறது. ஹென்லே வளைவு சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பைக் குவித்து வைத்திருப்பதால், அதன் ஊடே இறங்கும் சேகரிப்பு நாளத்திலிருந்து தண்ணீர் அந்தப் பக்கம் இழுபடுகிறது. நாளத்தின் சுவரில் தண்ணீருக்கு வழிவிடுவது மூளையடியிலிருந்து வரும் ஏடிஹெச் ஹார்மோன். வெயிலில் அலைந்த நாளில் சிறுநீர் அடர் மஞ்சளாக வருவது அது மும்முரமாக வேலை செய்வதால். ஆனால் குழலுக்குள் சர்க்கரை தேங்கியிருந்தால் அது தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, ஹார்மோன் இருந்தும் தண்ணீர் முழுதாகத் திரும்புவதில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள் இரவில் பலமுறை எழுவதும், நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பதும் இதனால்தான்.

இந்தப் படத்தை மனதில் வைத்துச் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஓரிடத்தைக் காட்டும். அல்புமின் தொடர்ந்து வருகிறது என்றால், பெரும்பாலும் மேலே அந்த நூல்கண்டில் சல்லடை பழுதாகியிருக்கிறது. சர்க்கரை மட்டும் வருகிறது என்றால் இரண்டில் ஒன்று: இறங்கியது அதிகம், அல்லது எடுக்கும் இடத்தில் திறன் குறைவு. கர்ப்பிணிகளில் சிலருக்கு ரத்தச் சர்க்கரை சரியாகவே இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தெரியும். வடிவது கூடிப்போய், குழல் ஈடுகொடுக்க முடியாத நிலை அது. மறுபுறம், ரத்தத்தில் 160 இருப்பவருக்குச் சிறுநீரில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். எனவே சிறுநீரை மட்டும் பார்த்து நீரிழிவு உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இப்போது பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் நேராக அந்த அண்மைக் குழலின் கடத்திகளைத்தான் தடுக்கின்றன. வேண்டுமென்றே சர்க்கரையைச் சிறுநீரில் போக விடுவதே அவற்றின் வேலை. ஆகவே அந்த மாத்திரை எடுப்பவரின் பரிசோதனைத் தாளில், ரத்தச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தாலும், சிறுநீர்ச் சர்க்கரைக்கு எதிரே கூட்டல் குறிகள் வரிசையாக நிற்கும். அதைக் கண்டு பதறி மாத்திரையை நிறுத்த வேண்டாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைச் சோதனைக்கூடத்திலும் மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேவையற்ற குழப்பம் மிச்சம்.