மேனேஜர் விட்டுச்செல்லும் பிபிடி

வேலையை விட்டுப் போகும் மேனேஜரிடம் எச்.ஆர். ஹேண்டோவர் கேட்கும்போது, பல இடங்களில் கைக்கு வருவது அதற்கென்று உட்கார்ந்து எழுதியது அல்ல. போன காலாண்டில் மேலிடத்துக்குக் காட்டிய குழு அறிமுக பிபிடியில் தேதியை மட்டும் மாற்றி, அடுத்து வருகிறவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில் இது நடப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த பிபிடி, குழு நன்றாக நடக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தது. நாளைக்கு அதே நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு வேண்டியது அதில் பாதிகூட இருக்காது. இருக்கவே கூடாதது சில இருக்கும்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு வாடிக்கையாளர் சேவைக் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடில் '11 பேர்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதில் ஒரு பெண் பேறுகால விடுப்பில் இருக்கிறார். இன்னொருவர் ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர், அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. ஆக, புது மேனேஜர் கையில் இருக்கப்போவது 9 பேர். அவர் 11 என்று நம்பி வேலையை ஒப்புக்கொள்வார். இரண்டு வாரத்தில் ஆள் போதவில்லை என்று தெரிந்ததும், 'அந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது' என்று விடுப்பில் இருப்பவரின் பொறுப்பை நிரந்தரமாக வேறொருவருக்குக் கொடுக்கப் பார்ப்பார்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. தகுதியுள்ள பெண் ஊழியருக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அந்த விடுப்பைக் காரணமாக வைத்து அவரை வேலையிலிருந்து நீக்குவதோ, வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதோ கூடாது. புது மேனேஜருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, ஸ்லைடில் ஒரு வரி விடுபட்டிருந்தாலே போதும். ஹேண்டோவரில் எழுத வேண்டியது நான்கே விஷயம்: விடுப்பு தொடங்கிய தேதி, திரும்பி வரும் தேதி, அவர் வேலையை இப்போது யார் பார்க்கிறார், அது தற்காலிகம் என்பது. மருத்துவ விவரம் எதுவும் வேண்டாம்.

அடுத்த ஸ்லைடில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு புள்ளி. என் கண்ணில் மொத்த பிபிடியிலும் மிக ஆபத்தானது இந்தப் புள்ளிதான். சிவப்பு வாங்கியவருக்குத் தான் சிவப்பு என்பதே தெரியாது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் நைட் ஷிஃப்ட் வராமல் இருந்திருப்பார். காரணம் மேனேஜரோடு போய்விடும், நிறம் மட்டும் கோப்பில் தங்கும். முறையான மதிப்பீடு எப்படியும் எச்.ஆர். பதிவில் இருக்கிறது. புது மேனேஜர் அதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஊழியரிடம் நேரில் சொல்லாத, எழுத்தில் கொடுக்காத ஓர் அபிப்பிராயத்தை அடுத்தவருக்குக் கைமாற்றக் கூடாது.

பாலியல் துன்புறுத்தல் புகார் ஏதாவது உள் குழுவின் விசாரணையில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 'இந்த இருவரையும் ஒரே ஷிஃப்டில் போட வேண்டாம்' என்று ஸ்லைடில் ஒரு வரி எழுதினால்கூட அலுவலகத்துக்கே விஷயம் புரிந்துவிடும். அது ஹேண்டோவருக்குள் வரக் கூடாது. இடைக்கால ஏற்பாடு ஏதும் இருந்தால் புது மேனேஜருக்குத் தேவையான அளவு மட்டும் உள் குழுவோ எச்.ஆரோ தனியாகச் சொல்லட்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கடம் உண்டு. சம்பளச் செலவைக் காட்டும் ஒரு வரைபடத்தை எக்செலிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டும்போது Embed Workbook என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த ஒரு படத்தோடு முழு எக்செல் கோப்பும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தின் மேல் வலது க்ளிக் செய்து Edit Data என்று கொடுத்தால் 11 பேரின் சம்பளமும் விரியும். மறைத்து வைத்த ஸ்லைடு, பேச்சாளர் குறிப்பு எல்லாம் இதே கதைதான். அனுப்பும் முன் File > Info > Check for Issues > Inspect Document வழியாக ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். அதைவிட நல்லது, வரைபடத்தைப் படமாக ஒட்டி, தேவையானதைப் புதிய கோப்பில் எழுதுவது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

பிபிடியில் இல்லவே இல்லாதது வாய்மொழி வாக்குறுதி. 'ஏப்ரலில் உனக்கு ப்ரமோஷன், நான் பார்த்துக்கிறேன்' என்று சொன்னவர் போய்விட்டால், புதியவர் 'எனக்கு யாரும் சொல்லவில்லையே' என்பார். அவர் சொல்வதும் பொய் அல்ல. போகிற மேனேஜர், யாரிடம் என்ன சொன்னார், மேலே ஒப்புதல் கிடைத்ததா, பட்ஜெட்டில் இருக்கிறதா என்று எழுதிவைக்க வேண்டும். ஒப்புதல் இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும். வாக்குறுதி பெற்ற ஊழியர் சும்மா இருக்கக் கூடாது. மேனேஜர் போவதற்குள், 'இன்ன தேதியில் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், உறுதிப்படுத்துங்கள்' என்று அலுவலக மெயிலில் எழுதிப் பதில் வாங்கிவிடுவது நல்லது. அந்தப் பதில் இருந்தாலும் ப்ரமோஷன் சட்டப்படி உறுதி என்று ஆகிவிடாது. ஆனால் எச்.ஆரிடம் பேச ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

போகிற மேனேஜருக்கும் உரிமை இருக்கிறது. 'ஹேண்டோவர் முடியவில்லை' என்று சொல்லிக் கடைசிச் சம்பளத்தை மாதக்கணக்கில் பிடித்து வைப்பது பழகிப்போன வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மேனேஜர் பதவியில் இருப்பவரும் இதில் அடக்கம். எந்தெந்தக் காரணங்களுக்குப் பிடித்தம் செய்யலாம் என்று அந்தச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. ஹேண்டோவர் திருப்தியாக இல்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பணிக்கொடைக்குத் தகுதி இருந்தால் அது 30 நாட்களுக்குள் வர வேண்டும். எழுதிக் கேட்டும் தராவிட்டால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

ஆதாரத்துக்காக ஹேண்டோவரைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்வதுதான் பலர் செய்வது. அதைச் செய்யாதீர்கள். அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்ததாக நிரூபித்தால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. அலுவலக மெயிலிலிருந்து புது மேனேஜருக்கும் உங்கள் மேலதிகாரிக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து அனுப்புங்கள். 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒரு வரியை மட்டும் உங்கள் சொந்த முகவரிக்கு எச்.ஆரையே அனுப்பச் சொல்லுங்கள்.

வந்து உட்காருகிறவர் கையெழுத்துப் போடும்போது 'ஆவணம் கிடைத்தது' என்று மட்டும் எழுதட்டும், 'சரிபார்த்தேன்' என்று எழுத வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் குழுவில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, விடுப்பு, ஷிஃப்ட், நிலுவையில் உள்ள கோரிக்கை, முன்னவர் சொல்லிவைத்தது ஆகியவற்றைக் கேட்டு, ஆவணத்தோடு ஒத்துப்போகாததை மேலதிகாரிக்கு மெயிலில் எழுதிவிட வேண்டும். 11 என்று இருந்தது 9 என்று அந்த மெயிலில் பதிவாகிவிட்டால், ஆறு மாதம் கழித்து இலக்கு ஏன் எட்டவில்லை என்ற கேள்வி வரும்போது விளக்கம் ஏற்கெனவே அங்கே இருக்கும்.