அதிகாலை நான்கு மணி வேலை

"பேக்கரி கஃபேக்கு பேஸ்ட்ரி குக் தேவை. ஷிஃப்ட் காலை 4 முதல் 12 வரை. கேக், குரோசான் தயாரிப்பு. லேமினேஷன் தெரிந்திருக்க வேண்டும்."

இந்த விளம்பரத்தின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. மாவுக்குள் வெண்ணெயைப் பொதிந்து தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அதனால் மாவு முதல் நாளே தயாராகிவிடும். நான்கு மணிக்கு வருபவர் அதை உப்பவைத்து, சுட்டு, ஏழு மணிக்குள் கடைக்கு அனுப்புவார்.

நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும். அறுத்துப் பார்த்தால் அடுக்கே இருக்காது, பன் மாதிரி இருக்கும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு, மாவு தேய்க்கும் அறையில் ஏ.சி. உண்டா என்றும் கேளுங்கள்.